ஈஎம்ஐ 9,000 குறைகிறதாம், கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா?

கேள்வி: கோவையில் தனியார் கம்பெனி வேலை, வயது 43. 2018-ல் ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனத்தில் வீட்டுக்கடன் வாங்கினேன். இப்போது அசல் பாக்கி 30 லட்சம், இன்னும் 144 மாதம், மாறும் வட்டி 8.90, ஈஎம்ஐ 33,972. ஒரு வங்கி 7.90-க்கு எடுத்துக்கொள்கிறோம் என்கிறது. 20 வருடம் போட்டால் ஈஎம்ஐ 24,907 தானாம். பிராசசிங் ஃபீஸ் 0.35 சதவீதம், அதாவது 10,500. "மாதம் 9,065 மிச்சம் சார், ரெண்டே மாசத்துல செலவு திரும்பிடும்" என்கிறார் ஏஜென்ட். 60,000 ரூபாய்க்கு ஒரு இன்சூரன்ஸ் கட்டாயமாம், அதைக் கடனிலேயே சேர்த்துவிடலாமாம். பழைய நிறுவனத்தில் கேட்டேன், 0.25 சதவீதம் கட்டணம் கட்டினால் 8.25-க்கு இறக்குகிறோம் என்றார்கள். ஏழு வருடம் ஒரு தவணை தவறாதவனிடமே கட்டணமா என்று கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். மூன்று வருடத்தில் ஊர் நிலத்தை விற்று 15 லட்சம் அடைக்கும் எண்ணம் இருக்கிறது. முன்கூட்டி அடைத்தால் 2 சதவீதம் அபராதம் என்று மனைவி பயப்படுகிறார். மாற்றலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் உங்கள் மனைவியின் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். தனிநபர் பெயரில், மாறும் வட்டியில் இருக்கும் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தாலும் சரி, வேறு இடத்துக்கு மாற்றினாலும் சரி, அபராதம் வாங்கக் கூடாது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012-லேயே இதைச் சொல்லிவிட்டது, ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கும் இதே விதிதான். அந்த 2 சதவீதம் அந்தக் காலத்து நினைவு, அல்லது நிலையான வட்டியில் கடன் வாங்கிய யாரோ சொன்னது. உங்கள் ஒப்பந்தத்தில் 'ஃப்ளோட்டிங்' என்று இருக்கிறதா என்று மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இருந்தால் உங்கள் கணக்கில் அந்த வரிக்கு பூஜ்யம் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஏஜென்ட்டின் கணக்குக்கு வருவோம். 10,500-ஐ 9,065-ஆல் வகுத்தால் ஒன்றே சொச்சம் மாதம், அவர் தாராளமாக இரண்டு என்று சொல்லியிருக்கிறார். வகுத்தல் சரிதான், வகுத்த இரண்டு எண்களும்தான் தப்பு.

அந்த 9,065 எங்கிருந்து வருகிறது

உங்களுக்கு மீதி இருப்பது 12 வருடம், அவர் போட்டிருப்பது 20 வருடம். அதே 144 மாதத்துக்கு 7.90 போட்டுப் பாருங்கள், ஈஎம்ஐ 32,309 வரும். ஆக வட்டி குறைந்ததால் குறையும் ஈஎம்ஐ வெறும் 1,663 ரூபாய். மீதி 7,402 ரூபாய், நீங்கள் இன்னும் எட்டு வருடம் கூடுதலாகக் கட்டப்போவதால் குறைந்தது. அது மிச்சமே இல்லை, தள்ளிப்போட்ட கடன்.

தள்ளிப்போட்டதற்கு விலை என்ன என்றும் பார்த்துவிடலாம். எதுவுமே செய்யாமல் 8.90-லேயே இருந்தால் இனி நீங்கள் கட்டப்போகும் மொத்தம் சுமார் 48.92 லட்சம். 7.90-க்கு மாறி 20 வருடம் கட்டினால் மொத்தம் சுமார் 59.78 லட்சம். வட்டி ஒரு சதவீதம் குறைந்தும் கிட்டத்தட்ட 10.86 லட்சம் அதிகமாகக் கொடுக்கிறீர்கள், அதுவும் 63 வயது வரைக்கும். (குறைந்த ஈஎம்ஐ-யில் மிச்சமாகும் பணத்தை மாதாமாதம் எஸ்ஐபி-யில் போடுவேன் என்று சிலர் சொல்வார்கள். போடுகிறவர்களுக்கு அது வேறு கணக்கு. நான் பார்த்தவரை அந்தப் பணம் நாலாவது மாதமே வீட்டுச் செலவில் கரைந்துவிடும்.)

சரி, ஒரு சதவீதம் குறைவதன் உண்மையான லாபம் மாதம் எவ்வளவு? ஈஎம்ஐ-யை மறந்துவிட்டு வட்டியை மட்டும் பாருங்கள். 30 லட்சத்துக்கு ஒரு சதவீதம் வருடத்துக்கு 30,000, மாதத்துக்கு 2,500. இதுதான் முதல் மாத லாபம். ஈஎம்ஐ 1,663 தானே குறைந்தது, 2,500 எப்படி என்று கேட்பீர்கள். மீதி 837 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் அசலில் போய்ச் சேருகிறது, ஏனென்றால் வட்டி குறைவான கடனில் ஒவ்வொரு தவணையிலும் அசல் கொஞ்சம் கூடுதலாகக் கழியும். அதனால் ஈஎம்ஐ வித்தியாசத்தால் வகுத்தால், காலத்தை நீட்டியிருந்தால் செலவு திரும்பும் காலமான பிரேக்-ஈவன் பொய்யாகக் குறைவாகவும், அதே காலத்துக்குப் போட்டால் தேவைக்கு மேல் அதிகமாகவும் வரும். பாக்கி அசல், பெருக்கல் வட்டி வித்தியாசம், வகுத்தல் 12. இந்த எண்ணைத்தான் வகுக்கப் பயன்படுத்த வேண்டும்.

செலவு 10,500 இல்லை

பிராசசிங் ஃபீஸுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது 12,390 ஆகிவிடும். வங்கியின் வக்கீல் கருத்துக்கும் இன்ஜினியர் மதிப்பீட்டுக்கும் சேர்த்து 7,500 வைத்துக்கொள்வோம். அப்புறம் வருவதுதான் நம் ஊரில் பலரும் மறக்கும் பெரிய செலவு, எம்ஓடி. அடமானப் பத்திரங்களை ஒப்படைத்ததற்கான ஆவணத்தைப் புது வங்கியின் பெயரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி பதிய வேண்டும். 2018-ல் பதிந்தது பழைய நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, அது உதவாது. முத்திரைக் கட்டணம் கடன் தொகையில் அரை சதவீதம் என்று 15,000, பதிவுக் கட்டணம் 6,000, ஆக 21,000. இது அரசுக்குப் போகும் பணம். ஏஜென்ட் இதை வாயைத் திறந்து சொல்ல மாட்டார், ஆனால் பிராசசிங் ஃபீஸைவிட இதுதான் அதிகம்.

பழைய எம்ஓடி-க்கு ரசீது பதிந்து வில்லங்கத்திலிருந்து நீக்குவது, புது ஈசி எடுப்பது, நகல், அலைச்சல் எல்லாம் சேர்த்து ஒரு 2,000. கடைசியாக இரட்டை வட்டி. புது வங்கி டிடி எடுத்த நாளிலிருந்து அவர்கள் வட்டி ஓடும், பழைய நிறுவனம் அந்த டிடி தன் கணக்கில் வரவாகும் நாள் வரை தன் வட்டியை ஓட்டும். நடுவில் ஐந்து நாள் என்றால், 7.90-ல் ஒரு நாளைக்கு சுமார் 650 வீதம் 3,250. டிடி எடுத்த அன்றே கொண்டுபோய்க் கொடுத்தால் இதைப் பாதியாக்கலாம். வெள்ளிக்கிழமை டிடி எடுக்காதீர்கள்.

மொத்தம் 46,140 ரூபாய். இதை 2,500-ஆல் வகுத்தால் பதினெட்டரை மாதம். அசல் குறையக் குறைய மாத லாபமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்பதால் 20 மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டின் 2 மாதம் இப்போது 20 ஆகிவிட்டது, ஆனாலும் மோசமில்லை, 144 மாதத்தில் 20 தானே என்று தோன்றும்.

இன்சூரன்ஸ் இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடனுக்கு அந்த இன்சூரன்ஸ் கட்டாயம் என்று எந்த விதியும் இல்லை. அதையும் சேர்த்தால் செலவு 1,06,140, வெறும் வகுத்தலிலேயே 42 மாதத்தைத் தாண்டும், கடனில் சேர்த்தால் அதற்கும் வட்டி. உங்களுக்கு உயிர்க்காப்பீடு தேவைதான், அதைத் தனியாக ஒரு டேர்ம் பாலிசியாக எடுங்கள். "வேண்டாம், முக்கிய விவர அறிக்கையில் எல்லாக் கட்டணத்தையும் எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். 2024 அக்டோபரிலிருந்து எல்லா சில்லறைக் கடனுக்கும் அதைத் தர வேண்டும். அதில் எழுதாத கட்டணத்தை உங்கள் சம்மதமில்லாமல் பின்னால் வாங்க முடியாது.

நீங்கள் கோபத்தில் விட்டுவந்த 8.25

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி எனக்கு இதுதான். நீங்கள் 7.90-ஐ 8.90-உடன் ஒப்பிடுகிறீர்கள். ஆனால் 8.90-ல் இனி நீங்கள் இருக்கப்போவதே இல்லையே! ஒரு விண்ணப்பமும் கட்டணமும் கொடுத்தால் 8.25 மேஜையில் இருக்கிறது. எனவே புது வங்கியின் உண்மையான போட்டி 8.25 தான்.

ஏழு வருடம் ஒழுங்காகக் கட்டியவரிடம் கட்டணம் கேட்பது எரிச்சல்தான், மறுக்கவில்லை. புதிதாக வருபவருக்கு ஒரு விலை, உள்ளே இருப்பவருக்கு ஒரு விலை என்பது இந்தத் தொழிலின் பழைய வழக்கம். ஆனால் அந்தக் கட்டணம் எவ்வளவு? 7,500, ஜிஎஸ்டி சேர்த்து 8,850. அதற்கு வரும் லாபம் 0.65 சதவீதம், மாதம் 1,625. ஆறாவது மாதம் போட்ட காசு திரும்பிவிடும். புது எம்ஓடி இல்லை, வக்கீல் இல்லை, மூலப்பத்திரம் இடத்தை விட்டு நகராது.

இப்போது இதற்கு மேல் வங்கிக்குப் போவது தருவது என்ன என்று பாருங்கள். கூடுதல் செலவு 46,140 கழித்தல் 8,850, அதாவது 37,290. கூடுதல் லாபம் 8.25-க்கும் 7.90-க்கும் உள்ள 0.35 சதவீதம், மாதம் 875. வகுத்தால் 43 மாதம், அசல் குறைவதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 48. நான்கு வருடம்.

நீங்களோ மூன்றாவது வருடம் 15 லட்சம் அடைக்கப்போகிறீர்கள். அதுவரை இந்த 0.35-ஆல் சேர்ந்திருப்பது சுமார் 28,900 தான், இன்னும் 8,400 பாக்கி. அன்றைக்கு அசல் சுமார் 24.5 லட்சமாக இருக்கும், 15 லட்சம் போக ஒன்பதரை லட்சம். அதன் மேல் 0.35 சதவீதம் மாதம் 280 ரூபாயில் தொடங்கி, இப்போதைய ஈஎம்ஐ-யையே கட்டினால் சுமார் இரண்டரை வருடத்தில் கடனே முடிந்துவிடும். அதற்குள் நாலரை ஆயிரம்தான் தேறும். கூடுதலாகச் செலவழித்த 37,290 உங்களுக்குத் திரும்பி வரவே வராது. நிலம் விற்கும் எண்ணம் இல்லாத ஒருவர் இதே எண்களோடு வந்திருந்தால், நான்கு வருடத்துக்குப் பிறகு லாபம்தான், பொறுமை இருந்தால் மாற்றுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நீங்களே எண்களை மாற்றிப் பார்க்க, எக்செல்லில் இது போதும். வட்டி, ஈஎம்ஐ, பாக்கி அசல் கொடுத்தால் எத்தனை மாதத்தில் முடியும் என்று சொல்லும்:

```
=NPER(8.25%/12,-33972,3000000)
=NPER(7.90%/12,-33972,3000000)
```

முதலாவது 136.4, இரண்டாவது 132.7. அதாவது இடையில் எதுவும் அடைக்காமல் இதே ஈஎம்ஐ-யைத் தொடர்ந்தால், 8.25-ல் 137-வது மாதமும் 7.90-ல் 133-வது மாதமும் கடன் முடியும். 8.25-க்கும் 7.90-க்கும் நடுவே உள்ள அந்த 0.35-ஐப் பற்றி நாம் இத்தனை பேசியது கடைசியில் நான்கு மாதத் தவணைக்கும் குறைவான விஷயம்.

கணக்கில் வராத ஒன்று

வங்கிக்கு ஆதரவாக ஒன்று சொல்லியாக வேண்டும். 2019 அக்டோபருக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன் ஒரு வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியோடு, கட்டப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது திருத்தியாக வேண்டும். ஹவுசிங் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, தங்கள் சொந்த அளவுகோலில் இருந்து கழித்துத் தருவார்கள். 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை ரெப்போ 6.50-லிருந்து 5.25-க்கு, ஒன்றேகால் சதவீதம் இறங்கியது. உங்கள் பழைய அறிக்கையை எடுத்து அந்த வருடத்தில் உங்கள் வட்டி எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். கால் சதவீதமோ அரை சதவீதமோதான் இறங்கியிருந்தால், இன்று 8.25-க்கு வாங்கினாலும் இரண்டு வருடத்தில் மறுபடி ஒரு விண்ணப்பம், மறுபடி ஒரு 8,850 தேவைப்படலாம். ஆனால் ரெப்போ ஏறினால் வங்கிக் கடன்தான் முதலில் ஏறும் என்பதையும் மறக்க வேண்டாம். பாதிக் கடனை மூன்று வருடத்தில் அடைக்கப்போகிறவருக்கு இந்த இரண்டு பக்கமுமே அவ்வளவு பாரமில்லை.

என்ன செய்யலாம்

வங்கியின் அனுமதிக் கடிதம் வந்திருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பழைய நிறுவனத்துக்கு மறுபடி போங்கள், இந்த முறை கோபமில்லாமல். கவுன்டரில் பேச வேண்டாம், கடனை முழுதாக முடிக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று சொல்லும் ஃபோர்குளோஷர் தொகைக் கடிதமும் பத்திரங்களின் பட்டியலும் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். அது கொடுத்த பிறகுதான் வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் பிரிவிலிருந்து போன் வரும். 8.25 இன்னும் கொஞ்சம் இறங்கலாம், கட்டணம் தள்ளுபடி ஆகலாம். இறங்காவிட்டாலும் 8.25-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

இரண்டு நிலைமையில் என் பதில் மாறும். எழுத்தில் கேட்கும்போது அவர்கள் 8.50-க்குத்தான் இறக்குவோம் என்று பின்வாங்கினால், வித்தியாசம் 0.60 ஆகி, கூடுதல் செலவு 27 மாதத்தில் ஈடாகிவிடும். அது நிலம் விற்பதற்கு முன்பே. அப்போது வங்கிக்குப் போங்கள். அல்லது வங்கி பிராசசிங் ஃபீஸை முழுதாகத் தள்ளுபடி செய்தால் 31 மாதத்தில் ஈடாகும். ஆனால் 36-க்கு முன் வெறும் ஐந்து மாத லாபம், சுமார் நாலாயிரம். அதற்காக இரண்டு மாதம் அலைவீர்களா என்பது உங்கள் முடிவு. நான் அலைய மாட்டேன்.

மாறுவதென்று முடிவானால், 20 வருடத்தைத் தொடவே வேண்டாம், 12 வருடத்துக்குப் போடச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதத்தில் 7.90 என்று மட்டும் இருந்தால் போதாது, ரெப்போவும் அதற்கு மேல் 2.65-ம் என்று பிரித்து எழுதியிருக்க வேண்டும். ரெப்போ மாறினாலும் உங்களோடு வரப்போகும் எண் அந்த 2.65 தான். பழைய நிறுவனம் கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும், 2023 டிசம்பரிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வரும்போது 2018-ல் கொடுத்த பட்டியலோடு ஒவ்வொரு தாளையும் ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், தாய்ப்பத்திரம் விட்டுப்போவது அடிக்கடி நடக்கிறது.

8.25-க்கே இருப்பதானால் வேலை குறைவு. கட்டணம் கட்டியதும், ஈஎம்ஐ-யைக் குறைக்கவா, மாதங்களைக் குறைக்கவா என்று கேட்பார்கள், கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்ல உரிமை உண்டு. ஈஎம்ஐ 33,972-ஆகவே இருக்கட்டும், மாதத்தைக் குறையுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த மாத அறிக்கையில் வட்டி 8.25, மீதித் தவணை 137 என்று வந்திருக்கிறதா பாருங்கள். 144 என்றே இருந்தால், ஈஎம்ஐ-யைக் குறைத்துவிட்டார்கள் என்று அர்த்தம், அன்றே மெயில் போடுங்கள்.